பதில் சொல்லாத நாலாம் நம்பர் மீட்டர்

ஜோசஃபினைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு அத்தனை யோக்கியதை இல்லை. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்புக்கு யோசனை சொன்னவன் நான். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவருக்கென்று அப்படி யாரும் கிடையாது.

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் கம்பெனி. இருமல் சிரப் தயாரித்து, பாட்டிலில் நிரப்பி, மூடி போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன், பெயர் ஸ்ரீகண்டன். ஜோசஃபின் மெயின்டனன்ஸில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு. டிப்ளமா முடித்து எண்பத்தெட்டில் சேர்ந்தவர். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். சேர்ந்த புதிதில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டுச் சிரித்தவர்களெல்லாம், பதினாறு வருடம் கழித்து மிஷின் நின்றால் முதலில் அவரைத்தான் தேடினார்கள். தேடினார்களே ஒழிய, டீ குடிக்கப் போகும்போது கூப்பிட மாட்டார்கள். எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

அவர் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். பழைய பங்களா ஒன்றின் பின்பக்கம், இரண்டு அறைப் போர்ஷன். அம்மா இருந்தவரைக்கும் அம்மாவோடு, பிறகு தங்கை ஜூலியாவோடு. ஜூலியா கல்யாணமாகி மெல்போர்ன் போனபின் தனியாக. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை நான் வாய்க்கொழுப்பில் கேட்டேன். "கேட்டவங்க யாரும் ரெண்டாவது தடவ கேக்கல ஸ்ரீகண்டன்" என்றார். ஞாயிறு காலை சர்ச், மத்தியானம் ஜூலியாவின் போன், அதற்குப் பிறகு திங்கட்கிழமை வரை பேச ஆளில்லை. சில திங்கட்கிழமைகளில் அவர் குரல் கரகரத்துப்போய் இருக்கும். ஜலதோஷமா என்று கேட்டால், இல்லை, நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் இப்போதுதான் பேசுகிறேன் என்பார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

கம்பெனியில் அவருக்கு இருந்த ஒரே துணை காந்தா. பேக்கிங் பகுதியில் கான்ட்ராக்ட் தொழிலாளி, முப்பத்தைந்து வயது இருக்கும், பொம்மனஹள்ளியிலேயே ஒரு சந்தில் வீடு, புருஷன் லாரி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். அவளுக்கு எப்போதும் இரண்டாவது ஷிப்ட், அதாவது மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் வேலை. ஆனால் ஒன்றேகாலுக்கே வந்துவிடுவாள். ஜோசஃபின் அதுவரை சாப்பிடாமல் காத்திருப்பார். இருவரும் கேன்டீனின் கோடியில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்து, இவர் குழம்பு அவளுக்கு, அவள் களி இவருக்கு என்று மாற்றிக்கொள்வார்கள். முக்கால் மணி நேரம் ஓயாத பேச்சு. படித்த ஆபீசர் பெண்மணிக்கும் கான்ட்ராக்ட்காரிக்கும் அப்படி என்ன பேச்சு என்று எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். ஜோசஃபினின் ஒரு நாள் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது.

இனி மிஷின் விஷயம். இது புரியாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிரப் நிரப்பி மூடி போடும் மிஷினை அதன் மூளை மாதிரி ஒரு ஜெர்மன் கன்ட்ரோலர் நடத்தியது. அதை அடுத்த பெல்ட்டையும் பேக்கிங்கையும் ஒரு ஜப்பான் கன்ட்ரோலர் நடத்தியது. இரண்டும் வேறு வேறு வருடத்தில், வேறு வேறு மேனேஜர் பேரம் பேசி வாங்கியவை. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கேட்வே. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. பெயரைக் கேட்டால் ஏதோ மொழிபெயர்த்துப் பேசிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும், அப்படியில்லை. அது ஒரு தபால் பெட்டி, அவ்வளவுதான். ஜெர்மன்காரன் ஒரு பக்கம் தன் செய்தியைப் போட்டு வைப்பான். ஜப்பான்காரன் தபால்காரன் மாதிரி தன் ரவுண்டில் வரும்போது மறுபக்கத்தைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பான். இவன் போட்ட நேரம் வேறு, அவன் பார்க்கும் நேரம் வேறு. அவன் வரும்வரை செய்தி பெட்டியிலேயே கிடக்கும்.

அந்தச் செய்திகளில் முக்கியமானது ஒன்று. நிரப்பிய பாட்டிலில் அளவு குறைந்தால் சென்சார் கண்டுபிடிக்கும், ஜெர்மன் கன்ட்ரோலர் "இது கெட்ட பாட்டில்" என்று ஒரு அடையாளத்தை ஏற்றும். ஜப்பான் கன்ட்ரோலர் அதைப் பார்த்து, பெல்ட்டின் ஓரத்தில் இருக்கும் தள்ளுபலகையைக் காற்றழுத்தத்தில் நீட்டி அந்தப் பாட்டிலைக் கழிவுத் தொட்டியில் தள்ளும். சென்சாரிலிருந்து பலகைக்கு முப்பது சென்டிமீட்டர், பாட்டில் அதைக் கடக்க ஒரு விநாடி. செய்தி வந்து சேர ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும் என்று அளந்து, மீதி நேரம் காத்திருந்து தள்ளும்படி ஜோசஃபின் வைத்திருந்தார். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பலகை தாங்கும். செய்தி தொலைந்துபோகாமலும் பார்த்துக்கொண்டார். ஜப்பான் பக்கம் "பார்த்துவிட்டேன்" என்று பதில் அடையாளம் வைக்கும்வரை ஜெர்மன் பக்கம் தன் அடையாளத்தை இறக்காது. இரண்டு வருடம் ஒரு கெட்ட பாட்டில் பெட்டிக்குப் போனதில்லை.

2004 மே மாதம் கரண்ட் செலவைக் கண்காணிக்க ஆறு மீட்டர்கள் வந்தன. ஒவ்வொரு மின்பேனலிலும் ஒன்று. அவற்றைப் படிக்கத் தனி ஒயர் வேண்டும் என்று ஜோசஃபின் ஸ்டோர்ஸுக்கு வந்தார். ஷீல்டு போட்ட ஒயர், தொண்ணூறு மீட்டர். என்னிடம் இருந்தது. வேறொரு வேலைக்கென்று எடுத்து வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தால் மறுபடி வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போட வேண்டும், அந்தச் சோம்பேறித்தனம். ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் காத்திருக்க மேலே விடவில்லை. அதனால் ஜப்பான் கன்ட்ரோலரிலிருந்து கேட்வேக்குப் போகும் அதே ஒயரிலேயே ஆறு மீட்டர்களையும் கோத்தார். தபால்காரனின் ரவுண்டில் ஆறு வீடு கூடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. கேட்வே, ஒரு மீட்டர், மறுபடி கேட்வே, அடுத்த மீட்டர் என்று இடையிடையே வைத்தார். அப்போது கேட்வேயைப் பார்க்கும் இடைவெளி நூற்றிருபது மில்லி விநாடி. அளந்தார், போதும். அளந்தது ஒரு காலை பதினோரு மணிக்கு, எல்லாப் பேனலும் ஓடிக்கொண்டிருந்தபோது.

மீட்டர்கள் தம் வேலையைச் செய்தன. பாட்டில் கழுவும் பேனல் மத்தியானத்துக்கு மேல் வேலையே இல்லாமல் கரண்ட் தின்கிறது என்று ரிப்போர்ட் காட்டியது. ஆலை மேனேஜர் சந்திரசேகரன் ஜூலையில் ஒரு சர்க்குலர் விட்டார்: கழுவும் வேலை முடிந்ததும் இரண்டரை மணிக்கு அந்தப் பேனலை அணைக்க வேண்டும். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த வாரமே குவாலிட்டிக்காரர்கள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் அளவு குறைந்த பாட்டில்கள் கிடைத்தன. எல்லாம் இரண்டாவது ஷிப்டில் கட்டிய பெட்டிகள். அதே ஷிப்டில் கழிவுத் தொட்டியைப் பார்த்தால் அதில் சரியான அளவு உள்ள நல்ல பாட்டில் சில கிடந்தன. தொட்டி பக்கத்தில் நிற்பது காந்தா. துருவித் துருவி விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. தொட்டியில் விழுந்ததை எடுத்து பெல்ட்டில் வைக்கிறாள், எண்ணிக்கை குறையக் கூடாது என்று கையில் கிடைத்ததை மாற்றி வைக்கிறாள். மிஷின் இரண்டு வருடமாகச் சரியாக ஓடுகிறது, காலை ஷிப்டிலும் சரியாக ஓடுகிறது, மத்தியானம் மட்டும் தப்பென்றால் மத்தியானம் இருப்பவள் தப்பு. கணக்கு அழகாக வந்துவிட்டது.

காந்தா சொன்னாள். எல்லோரிடமும் சொன்னாள். ஜோசஃபினிடம்தான் முதலில்.

"அக்கா, அந்த பலகை சும்னே வெறும் காத்த தள்ளுதுக்கா. பாட்டில் போயிடுது, அப்பறம்தான் பலகை வருது. நான் என் கண்ணால பாத்தேன்."

"காத்தழுத்தம் கம்மியா இருக்கும். பாக்கறேன்."

பார்த்தார். அழுத்தம் சரியாக இருந்தது. வால்வை மாற்றினார். ஜெர்மன் மிஷின் ஏஜென்டுக்குப் போன் போட்டார். எங்கள் செய்தி பத்து மில்லி விநாடியில் கேட்வேயில் இருக்கும், மேடம், அதற்கப்புறம் எங்கள் பொறுப்பில்லை என்றான். ஜப்பான் கம்பெனி ஆளைக் கேட்டார். செய்தி எங்களிடம் வந்த நொடியே வேலை ஆரம்பம், வருவதற்கு முன்னால் நடப்பது எங்கள் பொறுப்பில்லை என்றான். இருவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருப்பதற்குத்தான் சொந்தக்காரன் கிடையாது. கேட்வே பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். அந்தப் பக்கம் போன எவனும் என்னம்மா ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்டாலும் புரியாது என்று நினைத்திருப்பான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு காந்தாவுக்கு சஸ்பென்ஷன் லெட்டர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முடிவு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கான்ட்ராக்ட் ஆளை வெளியே அனுப்புவதற்கு இரண்டு வரி போதும். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை நான் ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அதே புதன்கிழமை நாலேகாலுக்கு ஜோசஃபின் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

அவர் ஜப்பான் கன்ட்ரோலரில் சின்னதாக ஒன்று எழுதி வைத்திருந்தார்: கேட்வேயை ஒரு தடவை பார்த்ததற்கும் அடுத்த தடவை பார்த்ததற்கும் நடுவே ஆன அதிகபட்ச நேரத்தை நினைவில் வை என்று. சராசரியை அல்ல, அதிகபட்சத்தை. காலையில் அது நூற்றிருபது காட்டியது. நாலேகாலுக்கு அறுநூற்றுச் சொச்சம் காட்டியது. எந்த வீட்டில் தபால்காரன் நின்றுகொண்டிருக்கிறான் என்று தேடினார். நாலாம் நம்பர் மீட்டர் பதில் சொல்லவில்லை. அது பாட்டில் கழுவும் பேனலில் இருந்த மீட்டர். பேனலை அணைத்தால் மீட்டரும் அணையும். அணைந்த மீட்டரிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று ஜப்பான் கன்ட்ரோலர் அரை விநாடி காத்திருந்தது. காத்திருக்கும் நேரத்தில் கேட்வேயைத் திறந்து பார்க்க ஆளில்லை. அப்போது பெட்டியில் விழுந்த "கெட்ட பாட்டில்" என்ற செய்தி கிடந்து, தாமதமாக எடுக்கப்பட்டது. தொலையவில்லை. லேட்டாக வந்தது. தொலைவதற்கு எதிராகத்தான் அவர் காவல் வைத்திருந்தார், லேட்டுக்கு வைக்கவில்லை.

அரை விநாடியில் பெல்ட் பதினைந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இடைவெளியும் சரியாக அதே பதினைந்து. முழு அரை விநாடி லேட்டானால் பலகை அடுத்த நல்ல பாட்டிலைத் தள்ளும். அதைவிடக் குறைவாக லேட்டானால் இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் வெறும் காற்றைத் தள்ளும். காந்தா கண்ணால் பார்த்ததும் அதுதான்.

ஜோசஃபின் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க வேண்டும், மேனேஜர் அறைக்குப் போக வேண்டும், ஐம்பது அடி தூரம். போகவில்லை. மீட்டர்கள் ஆறையும் ரவுண்டிலிருந்து எடுத்துவிட்டு, புரோகிராமைச் சேமித்துவிட்டு, ஐந்தரைக்குப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இதையெல்லாம் என்னிடம் சொன்னார். கையில் டப்பா இருந்தது, திறக்காத டப்பா.

"மீட்டர எடுத்துட்டா பிரச்சன நின்னுடும், நின்னுட்டா காந்தா மேல தப்பில்லன்னு அவங்களுக்கே தெரியும், தானா திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சி. வியாழன், வெள்ளி, ரெண்டு நாளும். ஒரு பாட்டில் கூட தப்பா போகல." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "சந்திரசேகரன் சார் இப்ப கூப்பிட்டு சொல்றார். பாத்தீங்களா ஜோசஃபின், அந்தப் பொம்பள போனதும் எல்லாம் சரியாயிடுச்சின்னு."

நான் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டேன். வெட்கக்கேடு, ஆனால் சிரித்தேன். இவர் ரகசியமாகச் செய்த ரிப்பேர் காந்தாவின் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. அவள் போன நாளும் தப்பு நின்ற நாளும் ஒன்றாகிவிட்டது.

"போய்ச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் யோசனை சொன்னேன். "என்னன்னு சொல்லுவீங்க? நான் கோத்த ஒயரால மருந்து பாட்டில் தப்பா போச்சுன்னா? இது சோப்பு கம்பெனி இல்ல, மருந்து கம்பெனி. எழுத்துல ரெக்கார்டு ஆயிடும். பதினாறு வருஷம் போச்சி. புதுசா வந்த இன்ஜினியர் பசங்க ரெடியா நிக்கறாங்க உங்க எடத்துக்கு. காந்தாவுக்கு எங்க போனாலும் இதே சம்பளத்துக்கு வேல கெடைக்கும். உங்களுக்கு இந்த வயசுல எங்க கெடைக்கும்? சும்மா இருங்க." இதைச் சொல்லும்போது நான் ஒயர் இருந்தும் இல்லை என்றதை அவர் நினைத்துப் பார்க்கக் கூடாதே என்பதும் என் மனதில் இருந்தது. நல்லவன் மாதிரி பேசினேன்.

அவர் ரொம்ப நேரம் ஒயர் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வேல போனா எனக்கு காலைல எழுந்து போறதுக்கு ஒரு எடம் இல்ல ஸ்ரீகண்டன்" என்றார். சம்பளத்தைச் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆப்பிளும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, காந்தாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். சொல்லத்தான் போனாரா, சும்மா பார்க்கப் போனாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. காந்தா பாயைப் போட்டு உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். கம்பெனியிலிருந்து வந்த ஒரே ஆள் நீதானக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிகள் திருடி என்று பேசுகிறார்கள், பெரிய பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். ஜோசஃபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றைக்கு ஜூலியாவின் போனை அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு காந்தா லெட்டர் வாங்க வந்து மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜோசஃபின் அவளைத் தாண்டி நேராக உள்ளே போனார். ஏதோ ஒரு ஃபைலில் கையெழுத்து வாங்க நானும் உள்ளே நின்றிருந்தேன்.

"சார், அரை மணி நேரம் லைன் வேணும். பெட்டி கட்டாம, சும்மா ஓட்டிப் பாக்கணும். நீங்களும் வரணும். காந்தாவும் வரட்டும்."

"எதுக்கு?"

"பலகை காத்த தள்ளுதுன்னு காந்தா சொன்னாள்ல சார். அத நீங்க பாக்கணும்."

சந்திரசேகரன் கெட்ட மனிதர் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

ஜோசஃபின் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே தயார் செய்து வைத்திருந்தார். அளவு குறைத்த நாற்பது பாட்டில்களின் மூடியில் சிவப்பு டேப். மீட்டர்களை மறுபடி ரவுண்டில் சேர்த்திருந்தார். சிவப்புப் பாட்டில்களை நல்ல பாட்டில்களுக்கு நடுநடுவே விட்டார். கழுவும் பேனல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இருபதும் தொட்டியில் விழுந்தன, ஒன்று விடாமல்.

"சரியாத்தானே இருக்கு" என்றார் சந்திரசேகரன்.

"இருங்க சார்." எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பி, "மணி ரெண்டரை ஆச்சி. கழுவுற பேனல ஆஃப் பண்ணுப்பா" என்றார்.

அது அங்கே தூரத்தில் அணைந்தது. இங்கே பெல்ட் அதே வேகத்தில் ஓடியது, வெளியே பார்த்தால் எதுவுமே மாறவில்லை. அடுத்த இருபது சிவப்புப் பாட்டில்கள் வந்தன. பலகை தள்ளியது, தள்ளியது, பிறகு ஒருமுறை பாட்டில் போன பின்னால் நீண்டு வெறும் காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பியது. எல்லோரும் பார்த்தோம். இருபதில் ஏழு சிவப்பு தப்பித்து பெல்ட்டின் கோடிக்குப் போய் நின்றன. தொட்டியில் இரண்டு நல்ல பாட்டில் கிடந்தன. பக்கத்தில் ஒரு மனிதக் கை கூட இல்லை.

காந்தா "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய் ஜோசஃபினின் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் ஜோசஃபினின் முகத்தைப் பார்த்தேன். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். நிறுத்தியிருக்கலாம். மிஷின் கோளாறு, கண்டுபிடித்துவிட்டேன், சரி செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது, கைதட்டல் கூட விழுந்திருக்கும்.

அவர் காந்தாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு, மேனேஜரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். தபால் பெட்டி, ரவுண்டு, நாலாம் நம்பர் மீட்டர், அரை விநாடி.

"மீட்டர இந்த ஒயர்ல போட்டது யாரு?"

"நான்தான் சார். எல்லா பேனலும் ஓடும்போதுதான் டெஸ்ட் பண்ணேன். ஒண்ணு அணைஞ்சா என்ன ஆகும்னு பாக்கல. என் தப்பு."

ஒயர் என்னிடம் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

"அப்ப வியாழக்கிழமைலேர்ந்து எப்படி சரியா ஓடுச்சி?"

"மீட்டர எல்லாம் நான் எடுத்துட்டேன் சார்."

"எப்ப?"

"புதன்கிழமை. சாயங்காலம்."

சந்திரசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதன்கிழமையே தெரியும் உங்களுக்கு" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியும் சார்."

காந்தாவின் லெட்டரை அங்கேயே கிழித்தார்கள். அன்றைக்கே ஷிப்டுக்குப் போகச் சொன்னார்கள், நின்ற நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்றார்கள். சந்தேகப்பட்ட பெட்டிகளையெல்லாம் குடோனிலிருந்து பிரித்து மறுபடி பார்க்க உத்தரவாயிற்று. ஜோசஃபினுக்கு மெமோ, ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தம். வேலை போகவில்லை. அவருக்குப் பதிலாக அந்த இரண்டு கன்ட்ரோலரையும் நடுவில் இருக்கும் பெட்டியையும் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணம். நான் பயமுறுத்திய அளவுக்கு எதுவுமே நடக்கவில்லை. புதன்கிழமை நாலேகாலுக்குச் சொல்லியிருந்தாலும் இதே மெமோதான் கிடைத்திருக்கும்.

எல்லோரும் கலைந்தபின் காந்தா டைம் ஆபீசுக்குப் போனாள், கார்டு பஞ்ச் பண்ண. ஜோசஃபின் பின்னாலேயே போனார். எனக்கும் அங்கே போக வேண்டும் போலிருந்தது, இரண்டடி தள்ளி நின்றேன்.

காந்தா கார்டைத் தேடி எடுத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"நேத்து எங்க வூட்டுக்கு வந்தியேக்கா."

"வந்தேன்."

"காப்பி குடிச்சே. நான் அழுதேன், நீ என் முதுக தடவிக் குடுத்தே. என் பையன் மூலைல உக்காந்து உன்னையே பாத்துனு இருந்தான்." கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பவும் உனக்கு தெரியும்."

ஜோசஃபின் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். பயம் என்று சொல்லியிருக்கலாம். என்னைக் கை காட்டி, இந்த ஆள்தான் சும்மா இருக்கச் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"தெரியும்" என்றார்.

காந்தா தலையை ஆட்டிக்கொண்டாள். கார்டை மிஷினில் விட்டு, அது கடித்துத் துப்பியதும் எடுத்து இடத்தில் செருகினாள்.

"சரிங்க மேடம். ஷிப்டுக்கு டைம் ஆயித்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.